நூற்றிருபது சொல்லில் ஓர் ஆய்வு: கட்டமைப்புடைய ஆய்வுச் சுருக்கம்

தமிழில் ஆய்வுச் சுருக்கம் எழுத அமர்வோர் முதலில் இடறுவது ‘முடிவு’ என்னும் சொல்லிலேதான். ஆய்வில் கிடைத்த எண்களும் செய்திகளும் ‘ஆய்வு முடிவுகள்’ எனப்படுகின்றன. அவற்றைக் கொண்டு ஆய்வாளர் கூறும் தீர்ப்பும் ‘முடிவு’ எனப்படுகிறது. கட்டுரையின் கடைசிப் பத்தியோ ‘முடிவுரை’ ஆகிறது. ஒரே சொல் இரு வேறு பொருள்களுக்கு நிற்பதால், எழுதுவோர் அவ்விரண்டையும் ஒன்றாகவே எண்ணிவிடுகின்றனர். “பயிற்சி நல்ல பலனை அளித்தது” என்று எழுதி, முடிவைக் கூறிவிட்டதாக நிறைவு கொள்கின்றனர். அது தீர்ப்பு. அத்தீர்ப்புக்குச் சான்றாக நிற்க வேண்டிய செய்தி அங்கு இல்லை. ஆகவே இவ்வுரையில் நாம் கிடைத்த செய்திகளைக் ‘கண்டறிந்தவை’ என்றும், அவற்றிலிருந்து பெறும் தீர்ப்பை ‘முடிவு’ என்றும் பிரித்து வழங்குவோம். நோக்கம், முறை, கண்டறிந்தவை, முடிவு என்னும் நான்கு தலைப்புகளின்கீழ், குறித்த சொல்லெண்ணிக்கைக்குள் எழுதப்படுவதே கட்டமைப்புடைய ஆய்வுச் சுருக்கம்.

இவ்வமைப்பு மருத்துவ இதழ்களிலிருந்து வந்தது. 1987ஆம் ஆண்டில் ‘அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்’ என்னும் அமெரிக்க இதழில், ஆய்வுக் கட்டுரைகளை மதிப்பிடுவோர் குழு ஒன்று இதனைப் பரிந்துரைத்தது. ஒரு மருத்துவர் எல்லாக் கட்டுரைகளையும் முழுமையாகப் படிக்க இயலாது. எதைப் படிப்பது, எதை நம்புவது என்பதைச் சுருக்கத்தைக் கொண்டே அவர் தீர்மானிக்கிறார். தலைப்புகள் இருந்தால், எந்தச் செய்தி விடுபட்டுள்ளது என்பது அவர் கண்ணுக்கு உடனே புலப்படும். தமிழ் மாநாடு ஒன்றின் தேர்வுக் குழுவினர் நிலையும் இதுவே. அவர்கள் கையில் இருப்பது சுருக்கம் மட்டுமே. கட்டுரை இன்னும் அவர்களை வந்தடையவில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதனைப் பார்ப்போம். விளக்கத்தின் பொருட்டு நாமே அமைத்துக்கொண்ட ஆய்வு இது. ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு வகுப்புகள் இரண்டு உள்ளன. மாணவர்கள் ல, ழ, ள எழுத்துகளை மாற்றி எழுதுகின்றனர். ஆசிரியர் ஒருவர் தம் வகுப்பில் ‘ஒலியிணைப் பயிற்சி’ நடத்துகிறார். அதாவது, வால், வாள், வாழ் என்பனபோல ஓர் ஒலியில் மட்டும் வேறுபடும் சொற்களை அடுத்தடுத்து ஒலித்துக் காட்டி எழுதச் செய்கிறார். அடுத்த வகுப்பில் மற்றோர் ஆசிரியர் வழக்கமான சொல்வதெழுதுதலையே நடத்துகிறார். இந்த ஆய்வுக்கு முதன்முறையாக எழுதப்படும் சுருக்கம் பெரும்பாலும் இப்படித்தான் அமையும்:

“தமிழ்மொழி தொன்மையும் இனிமையும் வாய்ந்த மொழியாகும். அம்மொழியைப் பிழையின்றி எழுதுவது ஒவ்வொரு மாணவரின் கடமையாகும். இன்றைய மாணவர்களிடையே எழுத்துப் பிழைகள் பெருகி வருவது கவலைக்குரியது. குறிப்பாக லகர, ழகர, ளகர வேறுபாடுகளில் மாணவர்கள் பெரிதும் தடுமாறுகின்றனர். எனவே இச்சிக்கலைக் களையும் பொருட்டு இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டுள்ளது. ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடையே ஒலியிணைப் பயிற்சி நடத்தப்பட்டு, தேர்வுகளின்வழி தரவுகள் திரட்டப்பட்டு, அவை ஆராயப்பட்டன. பயிற்சி நல்ல பலனை அளித்துள்ளது. ஆய்வின் முடிவுகள் இக்கட்டுரையில் விரிவாக விளக்கப்படும். இவ்வாய்வு ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் பெரும் பயன் நல்கும் என்பது திண்ணம்.”

இதில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. மாநாட்டினர் 120 சொற்கள் எழுத இடங்கொடுத்திருந்தால், இது அதில் பாதியையே எடுத்துக்கொண்டுள்ளது. சொற்களை எண்ணிப் பார்த்தால் 60. அவற்றுள் முதல் 32 சொற்கள், ஆய்வில் என்ன செய்யப்பட்டது என்பதைத் தொடவே இல்லை. அடுத்த 11 சொற்கள் முறையைக் கூறுகின்றன. ஆயினும் எத்தனை மாணவர், எத்தனை வாரம், எதனோடு ஒப்பிட்டனர் என்பவற்றுள் ஒன்றேனும் அவற்றில் இல்லை. கண்டறிந்ததற்குக் கிடைத்தவை நான்கே சொற்கள். எஞ்சிய 13 சொற்களும் வாக்குறுதிகள். இன்னும் 60 சொற்கள் கையில் இருந்தும் எழுதியவர் அவற்றைப் பயன்படுத்தவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். இடம் போதவில்லை என்பது பலர் கூறும் குறை. இங்கு இடம் மிஞ்சிக் கிடக்கிறது, செய்திதான் இல்லை.

‘விரிவாக விளக்கப்படும்’ என்னும் எதிர்காலத் தொடர் ஏன் இத்தனை சுருக்கங்களில் வருகிறது என்பதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. மாநாடுகள் பல மாதங்களுக்கு முன்பே சுருக்கத்தைக் கேட்டுவிடுகின்றன. அப்போது ஆய்வு முடிந்திராது. அந்நிலையில் கையில் உள்ளதை உள்ளபடி கூறுவதே தக்கது. “முதல் தேர்வு மட்டும் நடந்துள்ளது, அதில் இரு வகுப்பினரும் 40 சொல்லுக்கு ஏறத்தாழ 16 பிழைகள் செய்தனர்” என்று எழுதினால், அது இடைக்காலச் செய்தியாயினும் செய்தியே. குழுவினர்க்கு அது பயன்படும்.

இனி, ஆய்வு முடிந்துவிட்டது எனக் கொள்வோம். எழுதத் தொடங்க வேண்டிய இடம் நோக்கம் அன்று; அட்டவணை. கட்டுரையிலுள்ள அட்டவணையை எதிரே வைத்துக்கொண்டு, கண்டறிந்தவை என்னும் பகுதியை முதலில் எழுத வேண்டும். நம் எடுத்துக்காட்டில் வகுப்புக்கு 28 பேராக 56 மாணவர் தொடங்கினர். இருவர் ஒரு தேர்வுக்கு வரவில்லை. 40 சொல் கொண்ட தேர்வில், பயிற்சி பெற்ற வகுப்பின் சராசரிப் பிழை 16.2, பயிற்சி முடிந்ததும் 9.5, ஆறு வாரம் கழித்து 11.4. மற்ற வகுப்பில் அவை 15.8, 13.1, 13.0. எழுத்துவாரியாகப் பிரித்துப் பார்த்தால், ழகரப் பிழைகள் இரு வகுப்பிலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் குறைந்தன. இவ்வளவும் கையில் இருக்கும்போது முதலில் தீர்மானிக்க வேண்டியது, இவற்றுள் எதை விட்டால் படிப்பவர் தவறான எண்ணம் கொள்வார் என்பதே. ஆறு வாரத்துக்குப் பிந்தைய எண்ணை விட்டுவிட்டால், பயன் நிலைத்து நின்றதாகவே அவர் எண்ணுவார். ழகரத்தைப் பற்றிய செய்தியை விட்டால், மூன்று எழுத்துக்கும் பயிற்சி உதவியதாக எண்ணுவார். ஆகவே, ஆய்வாளர்க்கு உவப்பில்லாத இவ்விரு செய்திகளும் சுருக்கத்துள் இடம்பெற வேண்டியவை. இவற்றைக் கட்டுரைக்குள் மட்டும் வைத்துவிட்டுச் சுருக்கத்தில் மறைப்பது, படிக்காதவரை ஏமாற்றுவதாகும்.

கண்டறிந்தவற்றை எழுதிய பின், அவ்வெண்களைப் புரிந்துகொள்ளப் படிப்பவர்க்கு எவ்வளவு முறை தெரிய வேண்டுமோ அவ்வளவை மட்டும் முறைப் பகுதியில் எழுத வேண்டும். அதன்பின் முடிவு; கடைசியில்தான் நோக்கம். இவ்வாறு எழுதி, 120 சொல்லுக்குள் அடக்கிய வடிவம் இது:

“நோக்கம்: ல, ழ, ள எழுத்துகளில் நேரும் பிழைகளை ஒலியிணைப் பயிற்சி, வழக்கமான சொல்வதெழுதுதலைவிட மிகுதியாகக் குறைக்கிறதா என அறிதல்.

முறை: ஒரு தமிழ்ப்பள்ளியின் ஐந்தாம் ஆண்டு வகுப்புகள் இரண்டு ஒப்பிடப்பட்டன. ஒரு வகுப்பு (28 மாணவர்) எட்டு வாரம், வாரத்திற்கு மூன்று நாள், பத்து நிமிடம் ஒலியிணைப் பயிற்சி பெற்றது. மற்றது (28 மாணவர்) அதே நேரத்தில் வழக்கமான சொல்வதெழுதுதல் செய்தது. மாணவர்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை. 40 சொற்கள் கொண்ட தேர்வு பயிற்சிக்கு முன்னும், முடிந்தவுடனும், ஆறு வாரம் கழித்தும் நடத்தப்பட்டது.

கண்டறிந்தவை: மூன்று தேர்வுகளையும் எழுதிய 54 மாணவரின் விடைத்தாள்கள் ஆராயப்பட்டன. சராசரிப் பிழைகள் பயிற்சி வகுப்பில் 16.2இலிருந்து 9.5ஆகவும், மற்றதில் 15.8இலிருந்து 13.1ஆகவும் குறைந்தன. ஆறு வாரத்திற்குப் பின் அவை முறையே 11.4, 13.0 ஆயின. ழகரப் பிழைகள் இரு வகுப்புகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்தன.

முடிவு: இப்பள்ளியில் ஒலியிணைப் பயிற்சி பெற்ற வகுப்பில் லகர, ளகரப் பிழைகள் கூடுதலாகக் குறைந்தன, அக்குறைவின் ஒரு பகுதி ஆறு வாரத்தில் மறைந்தது. ஆசிரியர்கள் இருவர் என்பதால் வேறுபாடு முழுவதும் பயிற்சியால் விளைந்ததென்று கொள்ள இயலாது.”

தலைப்புச் சொற்களையும் சேர்த்து எண்ணினால் சரியாக 120. நோக்கத்திற்கு 15, முறைக்கு 45, கண்டறிந்தவற்றுக்கு 34, முடிவுக்கு 26. பிற்பகுதி இரண்டும் சேர்ந்து மொத்தத்தில் பாதி. எல்லா ஆய்வுக்கும் இந்தப் பங்கீடு பொருந்தும் என்று நாம் கூறவில்லை. ஆனால் நோக்கமும் பின்னணியும் மொத்தத்தில் பாதியை விழுங்கிய சுருக்கம் கைக்கு வந்தால், அதனைத் திருத்த வேண்டும் என்பதில் ஐயமில்லை.

முடிவுப் பகுதியை இன்னும் சற்று நெருங்கிப் பார்ப்போம். ‘இப்பள்ளியில்’ என்னும் ஒரு சொல் அங்கு மிகுந்த வேலை செய்கிறது. அதனை நீக்கினால், ஒரு பள்ளியில் இரு வகுப்பில் கண்டது தமிழ்ப்பள்ளிகள் அனைத்துக்கும் உரிய உண்மையாகிவிடும். ‘பயிற்சி பிழைகளைக் குறைத்தது’ என்று எழுதாமல், ‘பயிற்சி பெற்ற வகுப்பில் பிழைகள் குறைந்தன’ என்று எழுதியதும் எண்ணிச் செய்ததே. மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை, கற்பித்தவர் இருவர். பயிற்சியைவிட ஆசிரியரின் திறமே காரணமாக இருந்திருக்கவும் கூடும். காரணம் உறுதியாகாத இடத்தில் செயப்படுபொருள் குன்றிய வினையைத் தமிழ் நமக்குத் தருகிறது, அதனைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ழகரத்தில் பயிற்சி தனிப்பயன் காட்டாதது ஏன் என்ற கேள்வி படிப்பவர்க்கு எழும். பேச்சில் பலர் ழகரத்தை ளகரமாகவே ஒலிப்பதால், காதைப் பழக்கும் பயிற்சி அங்கு உதவாமல் போயிருக்கலாம். இது நல்ல விளக்கமே. ஆயினும் நம் ஆய்வு அதனை அளந்து பார்க்கவில்லை. ஆகவே அதற்குரிய இடம் கட்டுரையின் விவாதப் பகுதி. அளக்காத ஒன்றைச் சுருக்கத்தின் முடிவில் எழுதினால், அது கண்டறியப்பட்டது போன்ற தோற்றத்தைப் பெற்றுவிடும்.

இனிச் சொல்லெண்ணிக்கை. ஆங்கிலத்தில் எளிதாகத் தோன்றும் இவ்வரம்பு தமிழில் ஒரு தனிச் சிக்கலாகிறது. கணினி சொல்லை எண்ணுவதில்லை, இடைவெளிகளையே எண்ணுகிறது. ‘மேற்கொள்ளப்பட்டுள்ளது’ என்று சேர்த்து எழுதினால் ஒன்று. ‘மேற்கொள்ளப் பட்டு உள்ளது’ என்று பிரித்தால் மூன்று. மேலே காட்டிய வடிவத்தில் ‘வாரத்திற்குப் பின்’ என்பதைச் சேர்த்து எழுதியிருந்தால், பொருளில் எந்த மாற்றமும் இன்றி ஒரு சொல் மிச்சமாகியிருக்கும். இதனை அறிந்த சிலர், வரம்பைத் தாண்டிய சுருக்கத்தில் இடைவெளிகளை நீக்கி நீக்கி எண்ணிக்கையைக் குறைக்கின்றனர். ‘ஐந்தாமாண்டுமாணவர்களிடையேநடத்தப்பட்ட’ என்பதுபோன்ற தொடர்வண்டிகள் அப்படிப் பிறப்பவையே. வேற்றுமை உருபும் துணைவினையும் சேர்ந்து நிற்பது தமிழின் இயல்பு. தனிச்சொற்களை ஒட்டுவது அப்படியன்று. நாம் மேற்கொள்ளும் வழக்கம் எளியது: கட்டுரையின் உள்ளே எப்படிப் பிரித்தும் சேர்த்தும் எழுதினோமோ, சுருக்கத்திலும் அப்படியே எழுதுவது.

மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் வேறு. ‘ஆய்வு மேற்கொள்ளப்பட்டது’ என்பது ‘ஆராயப்பட்டது’ ஆகலாம். ‘தரவுகள் திரட்டப்பட்டு, அவை ஆராயப்பட்டன’ என்பதில் திரட்டியதைச் சொல்லத் தேவையில்லை. திரட்டாமல் ஆராய இயலாது. ‘என்பது குறிப்பிடத்தக்கது’, ‘என்பது திண்ணம்’ போன்றவற்றை நீக்கினால் எதுவும் குறையாது. இவ்வளவும் செய்தும் ஐந்து சொற்கள் மிகுந்தால், முறைப் பகுதியில் ‘வாரத்திற்கு மூன்று நாள், பத்து நிமிடம்’ என்பதைக் கைவிடலாம். அது கட்டுரையில் கிடைக்கும். எண்களையோ, எத்தனை பேரின் விடைத்தாள் என்பதையோ, முடிவிலுள்ள வரையறையையோ நாம் கைவிட மாட்டோம்.

ஆங்கிலச் சுருக்கத்தையும் உடன் கேட்கும் மாநாடுகள் உண்டு. இரண்டுக்கும் ஒரே வரம்பை விதித்தால் சிக்கல் தோன்றும். ‘பள்ளியில்’ என்னும் ஒரு சொல்லுக்கு ஆங்கிலத்தில் பெரும்பாலும் மூன்று சொற்கள் வேண்டும். 120 சொல்லை நிறைத்த தமிழ்ச் சுருக்கம் ஆங்கிலத்தில் அவ்வரம்புக்குள் அடங்காது. அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிட்டுப் பின்பு வெட்டுவது வீண்வேலை. அட்டவணையிலிருந்தே ஆங்கில வடிவத்தைத் தனியாக எழுதுவது விரைவில் முடியும். எந்தச் செய்தியைக் கைவிடலாம் என்ற வரிசையும் முன்பு கூறியதே.

இலக்கிய ஆய்வுக்கு இந்நான்கு தலைப்புகள் பொருந்துமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பலவற்றுக்குப் பொருந்தும். குறுந்தொகையில் வரும் உவமைகளை ஒருவர் ஆராய்கிறார் என்றால், அவருக்கும் முறை உண்டு: எல்லாப் பாடல்களையும் எடுத்தாரா, குறிஞ்சித் திணைப் பாடல்களை மட்டுமா, எந்தப் பதிப்பைக் கொண்டார், உ.வே.சாமிநாதையர் 1937இல் வெளியிட்டதையா, பிறிதொன்றையா. உவமை என்று எதனைக் கணக்கில் எடுத்தார், உருவகத்தைச் சேர்த்தாரா விட்டாரா. இவற்றைக் கூறினால், அவர் தரும் எண்ணிக்கையைப் பிறர் சரிபார்க்க முடியும். ஆனால் ஒரு கவிதையின் பொருளை வாதிட்டு நிறுவும் கட்டுரைக்கு இந்நான்கு தலைப்புகளைச் சூட்டுவது, குழந்தைக்குப் பெரியவர் சட்டையை மாட்டுவது போன்றது. அங்கு முறை என்று தனியே பிரிக்கத்தக்கது இல்லை, வாதமே முறை. அவ்வகைக் கட்டுரைக்குத் தன் வாதத்தை நேரே கூறும் ஒரு பத்தி போதும். ‘ஆராயப்படுகிறது’ என்று கூறாமல், ஆராய்ந்து எந்த முடிவுக்கு வந்தோம் என்று கூற வேண்டும் என்பது மட்டும் அதற்கும் பொதுவானது.

எழுதி முடித்த சுருக்கத்தை இருமுறை சரிபார்க்க வேண்டும். முதலாவது எண்களுக்கானது. ராய் பிட்கினும் அவருடன் பணியாற்றியோரும் 1999இல் ஆறு மருத்துவ இதழ்களின் சுருக்கங்களைக் கட்டுரைகளோடு ஒப்பிட்டு, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்டனர். சுருக்கத்தில் உள்ள செய்தி கட்டுரையில் உள்ளதோடு முரண்பட்டது, அல்லது கட்டுரையில் எங்குமே இல்லை என்னும் குறைகளை உடைய சுருக்கங்கள் இதழுக்கு இதழ் 18 முதல் 68 விழுக்காடு வரை இருந்தன. பெயர்பெற்ற இதழ்களிலேயே இந்நிலை. இத்தகைய பிழை எளிதில் புகும். கட்டுரையைத் திருத்தும்போது அட்டவணை மாறுகிறது; முன்பே எழுதிய சுருக்கம் மாறுவதில்லை. நம் எடுத்துக்காட்டில் 56 என்று தொடங்கி 54 என்று முடிவது அப்படிப்பட்ட ஓர் இடம். சுருக்கத்தில் உள்ள ஒவ்வோர் எண்ணின்மேலும் விரலை வைத்து, அது அட்டவணையில் எந்தக் கட்டத்தில் உள்ளது என்று மற்றொரு விரலால் காட்ட வேண்டும். காட்ட இயலாத எண் சுருக்கத்தில் இருக்கக் கூடாது. நேர்மாறாக, ‘கூடுதலாக’, ‘ஏறத்தாழ’ போன்ற அளவுச் சொற்களுக்கும் அட்டவணையில் ஆதாரம் தேட வேண்டும்.

இரண்டாவது, கட்டுரையைப் படிக்காத ஒரு சக ஆசிரியரிடமோ மாணவரிடமோ சுருக்கத்தை மட்டும் கொடுத்துப் படிக்கச் செய்து, தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, நான்கு கேள்விகளைக் கேட்பது: எதனை அறிய முயன்றனர்? யாரிடம், எதனோடு ஒப்பிட்டு? எவ்வளவு வேறுபாடு? எதனை நம்பலாம், எதனை நம்பலாகாது? நம் முதல் வடிவத்தைப் படித்தவர் முதற்கேள்விக்கு மட்டும் அரைகுறையாக விடை கூறுவார். இரண்டாம் வடிவத்தைப் படித்தவர் 16.2 என்பதை மறந்துபோகலாம். ஆனால், பயிற்சி பெற்ற வகுப்பில் பிழைகள் ஏழளவு குறைந்தன, மற்றதில் மூன்றளவு, ழகரத்தில் வேறுபாடில்லை, பாதியாண்டு கழித்து என்ன ஆகும் என்று தெரியாது என்று அவர் கூறக்கூடும். அந்தக் கடைசி விடை சுருக்கத்தில் எங்கும் எழுதப்படாதது. ஆறு வாரத்து எண்ணைக் கண்டு அவராகவே உய்த்துணர்ந்தது.